கேட்காமல் கேட்கும் சீர்

பெங்களூரில் இன்று வரதட்சிணை கேட்பவர் எவரும் இல்லை. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் பிரேசர் டவுனிலும் பெண் பார்க்க வந்து அமரும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சை ஓரமாக உட்கார்ந்து கேட்கும் ஒருவருக்கு அப்படித்தான் தோன்றும். "எங்களுக்கு ஒன்றுமே வேண்டாம், உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதுதானே" என்பது முதல் வாக்கியம். "மூத்த மருமகளுக்கு அவர்கள் வீட்டில் நாற்பது பவுன் போட்டார்கள், சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்பது இரண்டாவது. "கல்யாணத்தை மட்டும் நல்ல சௌல்ட்ரியாகப் பார்த்து நடத்திக் கொடுத்துவிடுங்கள், எங்கள் பக்கம் ஆயிரம் பேர் வருவார்கள்" என்பது மூன்றாவது. இந்த மூன்று வாக்கியங்களும் சொல்லப்பட்ட பிறகு, தொகை ஒன்றும் உச்சரிக்கப்படாமலே பெண்ணின் தகப்பனார் அன்றிரவு தூக்கமின்றிக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்.

அன்பளிப்பு எங்கே முடிகிறது, வரதட்சிணை எங்கே தொடங்குகிறது என்ற இந்தச் சிக்கல் நம் சம்பந்திகளை மட்டும் திணற அடித்த ஒன்றல்ல. சுதந்திர இந்தியாவின் இரு நாடாளுமன்ற சபைகளும் முதன்முதலாக ஒன்றாக அமர்ந்து ஒரு மசோதாவை முடிவு செய்ய நேர்ந்தது 1961-ஆம் வருஷம் மே மாதத்தில். அந்த மசோதாதான் வரதட்சிணைத் தடைச் சட்டம். விவாகத்தின்போது தரப்படும் பரிசுகளை எந்த அளவுக்குச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவருவது, மறைமுகமாகக் கைமாறுவதை என்ன செய்வது என்பவற்றில் இரு சபைகளும் உடன்படாமற்போனதே அந்தக் கூட்டு அமர்வுக்குக் காரணம். அவ்வருஷம் ஜூலை முதல் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. பின்னர் 1984-இலும் 1986-இலும் திருத்தங்கள் செய்து அதைக் கடுமையாக்கினார்கள். வாங்குவது மட்டுமின்றிக் கொடுப்பதும் குற்றம். தண்டனை ஐந்து வருஷத்துக்குக் குறையாத சிறைவாசம். வாங்காமலும் கொடுக்காமலும் வெறுமனே கேட்டாலும் குற்றம். அதற்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை. இவ்வளவு இருந்தும், சம்பந்தி பேச்சில் இந்தச் சட்டத்தின் பெயரை முதலில் எடுக்கும் இளைஞன் காரியத்தைக் கெடுத்துக்கொள்வான் என்பதே என் அபிப்பிராயம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பெரியவர்கள் சம்பிரதாயம் என்ற கேடயத்தைத்தான் முதலில் எடுக்கிறார்கள். அந்தக் கேடயம் எவ்வளவு பழையது என்பதைத் தெரிந்துகொள்ள வெகு தூரம் போக வேண்டியதில்லை. இதே மைசூர் ராஜ்யத்தில் பிறந்து, பெங்களூரில் கடைசி நாட்களைக் கழித்து, 1999-இல் இங்கேயே காலமான சமூகவியல் அறிஞர் எம்.என். ஸ்ரீநிவாஸ் தம் இளமையில், 1942-இல், மைசூர்ப் பகுதியின் விவாகத்தையும் குடும்பத்தையும் பற்றி எழுதிய நூலே போதும். பிராமணரல்லாத பல வகுப்பினரிடையே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்கு 'தெர' என்ற தொகையைக் கொடுத்து வந்தார்கள் என்பதை அவர் பதிவு செய்கிறார். தமிழ்நாட்டில் பரிசம் போட்டதும் இதே வழக்கம்தான். மாப்பிள்ளைக்கு விலை வைக்கும் வழக்கம், ஆங்கிலப் படிப்பும் சர்க்கார் உத்தியோகமும் பெற்ற பிள்ளைகள் மேல்சாதிகளில் சிலராகவும், அவர்களுக்குப் பெண் கொடுக்கப் போட்டியிட்ட தகப்பன்மார் பலராகவும் இருந்த காலத்தில் தோன்றி, பிறகு மேல்சாதியைப் பார்த்து நடக்கும் ஆசையோடு மற்ற வகுப்புகளுக்கும் இறங்கிற்று. கன்யாதானத்தோடு கொடுத்த தட்சிணையும், பெண்ணுக்கென்று கொடுத்த ஸ்திரீதனமும், இந்த நவீன வரதட்சிணையும் ஒரே வம்சம் அல்ல என்று ஸ்ரீநிவாஸ் தம் முதிய வயதிலும் வற்புறுத்தி வந்தார்.

ஆனால் இந்தச் சரித்திரத்தைத் தாயாரிடம் ஒப்பித்து ஜயித்த பிள்ளை ஒருவரையும் நான் கண்டதில்லை. அதனால் பயன் இல்லை என்பதல்ல. மணமக்கள் இருவரும் தாங்கள் எதிர்ப்பது பாட்டனார் தர்மத்தை அல்ல, ஓர் உத்தியோகச் சந்தையை என்று மனத்தில் தெளிந்துகொள்வதற்கு அது உதவும். அந்தத் தெளிவு இல்லாதவன் இரண்டாவது நாளே, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதும், தளர்ந்துவிடுவான்.

நடைமுறையில் காரியம் எப்படி நடக்கிறது, எங்கே முறிகிறது என்பதைக் காண, பல வீடுகளில் நடப்பவற்றைச் சேர்த்து ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொள்வோம். பிள்ளை ஒயிட்பீல்டில் கம்ப்யூட்டர்க் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பூர்விகம் வேலூர்ப் பக்கம். பெண்ணும் அதே தொழில். அவள் தகப்பனார் பெங்களூரின் பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் உழைத்து ஓய்வு பெற்றவர். இருவரும் ஒருவரையொருவர் தெரிந்து விரும்பியவர்கள், வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் பிள்ளையின் தாய்மாமன் மூலமாக நாற்பது பவுன், ஒரு கார், கல்யாணச் செலவு என்று சேதி வருகிறது. நாற்பது பவுன் என்பது 320 கிராம். கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் நகை மட்டும் 32 லட்ச ரூபாய். தொழிலாளியின் பணிக்கொடைக்குச் சட்டம் விதித்த உச்ச வரம்பே 20 லட்சம் என்னும்போது, முப்பது வருஷம் உழைத்து ஒருவர் வாங்கிய முழுத் தொகையும் அந்த நகைக்கே போதாது.

இங்கே பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, பெண்ணைப் பேச விடுவது. அவள் படித்தவள், நியாயம் தெரிந்தவள், சட்டென்று கேட்டுவிடுகிறாள்; அந்த நிமிஷத்திலிருந்து அவள் அந்த வீட்டில் 'வாயாடி' ஆகிறாள்; பின்னால் எந்தச் சிறு பிணக்கு வந்தாலும் கணக்கு அந்த நாளிலிருந்தே தொடங்கப்படும். இரண்டாவது தவறு, பெண்ணின் தகப்பனாரை மறுக்க விடுவது. அவர் மறுத்தால் அது ஏழ்மை என்றோ கஞ்சத்தனம் என்றோ பொருள் கொள்ளப்படும். மறுக்க வேண்டியவன் ஒருவன்தான். எவன் பெயரால் கேட்கப்படுகிறதோ அவன். தன் வீட்டாரிடம் பேச வேண்டியதை அவரவர் தாமே பேசுவது என்ற ஏற்பாட்டை மணமக்கள் முன்கூட்டியே தமக்குள் செய்துகொள்ள வேண்டும்: பிள்ளை தன் தாய் தகப்பனிடம், பெண் தன் தாய் தகப்பனிடம். மறுதலையாகப் பேசினால் எந்த நல்ல வார்த்தையும் அவமரியாதையாகவே கேட்கும்.

பேச்சுக்குக் காலமும் உண்டு. நிச்சயதார்த்தத் தாம்பூலம் மாற்றுவதற்கு முன், சௌல்ட்ரிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், பத்திரிகை அச்சாவதற்கு முன் அது முடிய வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு நாள் தாமதமும் பெண் வீட்டாருக்குப் பின்வாங்கும் வழியை அடைத்து, கேட்பவருக்குப் பலத்தைக் கூட்டுகிறது. நடுவில் நிற்கும் தாய்மாமனையோ தரகரையோ விலக்கி, நேராகத் தாயிடமும் தந்தையிடமும் தனித்தனியே உட்கார வேண்டும். இருவரின் காரணமும் ஒன்றாக இராது.

நம் கற்பனைக் குடும்பத்தில் பிள்ளை அம்மாவிடம் போய் உட்கார்ந்தான் என்று வைத்துக்கொள்வோம். சொல்லத் தகாதது, "நீங்கள் செய்வது குற்றம்" என்பது. சட்டத்தை முதலில் எடுக்கக் கூடாது என்று மேலே சொன்னது இதற்காகத்தான். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பிறகு அவள் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவாள், மனம் மாறிப் பேச மாட்டாள். "அம்மா, என் பேரில் யாரும் எதுவும் கேட்க வேண்டாம், வந்தாலும் நான் வாங்க மாட்டேன்; கார் வேண்டுமென்றால் என் சம்பளத்தில் நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று ஒரே முறை, குரல் உயராமல் சொல்லிவிட்டு, அவள் சொல்வதைக் கேட்க வேண்டும். அவள் என்ன சொல்வாள்? பேராசை பேசுவது அபூர்வம். "உன் தங்கைக்கு நாம் முப்பது பவுன் போட்டோமே, அப்போது யாராவது வேண்டாம் என்றார்களா? அந்தக் கடனை உங்கள் அப்பா போன வருஷம்தான் அடைத்தார்" என்பாள். அங்கேதான் ஊற்றுக்கண் இருக்கிறது. ஒரு வீட்டில் பெண்ணுக்காகப் பட்ட கடனை மற்றொரு வீட்டுப் பெண்ணிடம் வசூலிப்பதென்று சமூகமே ஓர் ஐந்தொகை வைத்திருக்கிறது. அந்த வருத்தத்தை நியாயம் என்று ஒப்புக்கொண்டு, மீதிக் கடன் இருந்தால் அதைத் தானே ஏற்பதாகச் சொல்லும் பிள்ளைக்கு முன்னால் தாயின் வாதம் பாதிக்குமேல் கரைந்துவிடும். மறுப்புக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைப் பிள்ளை தன் சம்பளத்திலிருந்து கொடுக்கத் துணியாவிட்டால், அவன் பேசும் சீர்திருத்தம் தாயின் செலவில் நடக்கும் சீர்திருத்தம்தான்.

தகப்பனாருக்கோ கவலை வேறு: நாலு பேர் என்ன சொல்வார்கள், பிள்ளைக்கு ஏதோ குறை என்று நினைக்க மாட்டார்களா? அவருக்குத் தேவை மரியாதை. பணம் அதன் அடையாளம் மாத்திரமே. முகூர்த்த நாள் பார்ப்பது, குலதெய்வத்துக்குப் பொங்கலிடுவது, பத்திரிகையில் யார் பெயர் எந்த வரிசையில் வருவது, பந்தியில் என்ன பரிமாறுவது, சம்பந்தி மரியாதையில் முதல் தாம்பூலம் யாருக்கு என்பவற்றையெல்லாம் மனப்பூர்வமாகப் பெரியவர்கள் கையில் விட்டுவிடலாம். செலவை இரு வீடும் பாதியாகப் பகிர்வது, வேஷ்டி புடவை இரு பக்கமும் ஒரே விலையில் மாற்றிக்கொள்வது, திருமாங்கல்யமும் கூறைப் புடவையும் பல குடும்பங்களில் வழக்கம் போல மாப்பிள்ளை வீட்டாரே எடுப்பது என்று முடிவாகிவிட்டால், சிக்பேட்டைக்குப் போய்ப் புடவை எடுக்கும் மகிழ்ச்சி யாருக்கும் குறையாது.

பெண் தன் தகப்பனாரிடம் பேசுவது இதைவிடக் கடினம் என்று தோன்றுகிறது. அவர் கொடுக்க விரும்புகிறார்; கொடுக்காவிட்டால் மகள் புகுந்த வீட்டில் தலைகுனிந்து நிற்பாளே என்று அஞ்சுகிறார். மறைவாக, மகளுக்கே தெரியாமல், சம்பந்தியிடம் ஒத்துக்கொண்டு வந்துவிடும் தகப்பன்மார் உண்டு. இந்த விஷயத்தில் உறுதி குலைவது பெரும்பாலும் கேட்பவர் வீட்டில் அல்ல, கொடுப்பவர் வீட்டில். அவருக்கு மகள் எடுத்துச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று: நகையாகப் போட்டுவிட்டால் மகளின் பங்கு தீர்ந்தது என்ற பழைய எண்ணத்துக்கு இப்போது சட்டத்தில் இடமில்லை. தமிழ்நாட்டில் 1989 முதலும், கர்நாடகத்தில் 1994 முதலும் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்புரிமை உண்டென்று மாநிலச் சட்டங்கள் ஏற்பட்டு, 2005-இல் அது நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. எதையாவது கொடுத்தே தீருவேன் என்பவர் தம்மால் இயன்றதை மகள் பெயரில் வங்கியில் போடட்டும். நகை என்றால் அவள் பெயரிலுள்ள பெட்டகத்தில் இருக்கட்டும். சம்பந்தியின் கண்ணில் பட வேண்டிய அவசியம் எதற்கும் இல்லை.

எல்லாப் பெரியவர்களும் எதிர்த்தரப்பு என்று எண்ணிவிடக் கூடாது. இந்தக் கர்நாடகத்தில் மிகப் பெரிய பெரியவர் ஒருவரே மணமக்கள் பக்கம் வந்து நின்றார். கவி குவெம்பு தம் மகன் பூர்ணசந்திர தேஜஸ்விக்கு 1966-இல் விவாகம் செய்வித்தபோது, ஞானபீடப் பரிசு அவரை இன்னும் வந்தடையவில்லை. ஆயினும் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ராஜ்யம் முழுவதும் அறிந்த பெயர், ஊரையே கூட்டியிருக்கலாம். கூட்டவில்லை. தத்துவம் படித்த தோழியான ராஜேஸ்வரியைத் தேஜஸ்வி மணந்தது, 'மந்திர மாங்கல்யம்' என்று குவெம்பு வகுத்த எளிய முறையில். புரோகிதர் இல்லை, வரதட்சிணை இல்லை, வரோபசாரம் என்று கன்னட நாட்டில் மாப்பிள்ளைக்குச் செய்யும் சீரும் இல்லை. நெருங்கியவர்கள் முன்னிலையில் பொருள் விளங்கும்படி மந்திரங்கள் வாசிக்கப்பட, மணமக்கள் உறுதிமொழி சொல்லி மாலை மாற்றிக்கொள்வதே சடங்கு. அதைச் சிறு புத்தகமாகவும் அவர் வெளியிட்டார். இன்றும் அதை வைத்துக்கொண்டு கல்யாணம் செய்துகொள்ளும் இளைஞர்கள் கன்னடியரிடையே உண்டு.

இந்த முறையைத் தமிழ் வீடுகளுக்கு அப்படியே சிபாரிசு செய்ய எனக்குத் தயக்கம் உண்டு. நகையையும் காரையும் விட்டுக்கொடுக்கச் சம்மதித்த தாயாரிடம் அதே மூச்சில் ஐயரையும் அக்கினியையும் விடச் சொன்னால், அவள் இரண்டையுமே பிடித்துக்கொள்வாள். சடங்கில் மனப்பூர்வமான ஆட்சேபம் உள்ளவர்கள் அதைத் தனியாக, வேறொரு நாளில் பேசட்டும். பண விஷயத்தில் ஜயிக்க விரும்புகிறவர்கள் சடங்கைப் பெரியவர்களுக்குக் காணிக்கையாக வைத்துவிடுவது சாதுரியம். சடங்கையும் விட்டவர்கள் விசேஷ விவாகச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்வதே பத்திரமானது. தம்பதிகளில் ஒருவராவது முப்பது நாளுக்குக் குறையாமல் அந்த ஜில்லாவில் வசித்திருக்க வேண்டும்; அறிவிப்புக் கொடுத்து முப்பது நாள் பொறுக்க வேண்டும்; பிறகு மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அந்தச் சாட்சிகளில் இருவர் இரு தகப்பனார்களாக இருக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

இனி, சமாதானம் பேசி முடித்ததாக நினைத்த பிறகு நடப்பது. கல்யாணத்தன்று ஒன்றும் வாங்காத வீட்டில் தலைத் தீபாவளிக்கு மோதிரம், ஆடிக்குச் சீர், வளைகாப்புக்கு வெள்ளிப் பாத்திரம், பிறகு மனை வாங்க முன்பணம் என்று தவணையாகக் கோரிக்கை தொடரக்கூடும். பொருளாதார அறிஞர்கள் பிரான்சிஸ் பிளாக், விஜயேந்திர ராவ் இருவரும் கர்நாடகக் கிராமங்களில் குயவர் குடும்பங்களிடையே ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட கட்டுரை இதைத்தான் கூறுகிறது: குறைவாகக் கொண்டுவந்த பெண் அடிபடும் அபாயம் அதிகம், அதோடு, பிறந்த வீடு வசதியாக இருந்தால் இன்னும் கறக்கலாம் என்பதற்காகவும் அவள் அடிக்கப்படுகிறாள். வெறுமனே கொடுக்காமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது என்பதே இதிலிருந்து தெரிவது. புருஷன் தானே மனம் ஒப்பி வேண்டாம் என்றிருந்தால் ஒழிய, பேரத்தில் குறைத்துக்கொண்ட தொகை பின்னால் பாக்கியாகவே எழுதப்படும்.

ஆகையால் பெண் கல்யாணத்துக்கு முன் கவனிக்க வேண்டிய குறிகள் சில உண்டு. "எனக்கு ஒன்றும் வேண்டாம், ஆனால் அம்மா மனசு" என்று இழுப்பவன் இன்னும் பேசவில்லை என்று பொருள். தன் எதிரில் அவன் தாயாரிடம் ஒருமுறை அதைச் சொல்ல மறுக்கிறானா, சேதி மறுபடியும் மாமன் வாயிலாகவே வருகிறதா, முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்திவிட்டு மற்றதைப் பிறகு பேசலாம் என்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இவற்றில் இரண்டு சேர்ந்து நேர்ந்தால் சௌல்ட்ரி முன்பணத்தை இழந்துவிடுவது மலிவு. கல்யாணத்துக்குப் பின் கோரிக்கை மிரட்டலாகவோ கைநீட்டலாகவோ மாறினால், பெரியவர்களோடு சமாதானம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. அது பாரதிய நியாய சங்கிதையின் 85-ஆம் பிரிவில் வரும் கொடுமை. 181 என்ற பெண்கள் உதவி எண்ணும், அவசரத்துக்கு 112-உம் இருக்கின்றன. 1979 முதல் இந்த நகரில் இயங்கிவரும் விமோசனா என்ற பெண்கள் அமைப்பு, தீக்காயத்தோடு விக்டோரியா ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களின் மரணங்களை 'அடுப்பு விபத்து' என்று மூடிவிட விடாமல் துருவியதும் இந்தப் பெங்களூரில்தான். புகார் செய்யும் பெண்ணின் தகப்பனார் கொடுத்த குற்றத்துக்காகத் தாமும் மாட்டிக்கொள்வோமோ என்று அஞ்ச வேண்டாம். பாதிக்கப்பட்டவர் அளிக்கும் வாக்குமூலத்துக்காக அவர் மீது வழக்குத் தொடரக் கூடாதென்று சட்டத்தின் ஏழாவது பிரிவு காக்கிறது.

கடைசியாக, அநேகமாக எந்தச் சௌல்ட்ரியிலும் எவரும் கைக்கொள்ளாத ஒரு விதி. 1985 அக்டோபர் 2 முதல் அமலில் உள்ள இந்த விதிப்படி, கேட்காமல் வந்த பரிசுகள் குற்றமாகாமல் இருக்க வேண்டுமானால் அவற்றுக்குப் பட்டியல் வேண்டும். பெண்ணுக்கு வந்தவற்றின் பட்டியலைப் பெண்ணும், பிள்ளைக்கு வந்தவற்றின் பட்டியலைப் பிள்ளையும் வைத்திருக்க வேண்டும். கல்யாணத்தின்போதோ அதன்பின் கூடிய சீக்கிரத்திலோ எழுத வேண்டும். பொருள் இன்னது, மதிப்பு சுமாராக இவ்வளவு, கொடுத்தவர் இன்னார், உறவு இன்ன முறை என்று நான்கு விவரங்கள். அடியில் இருவர் கையெழுத்து. பெண் வீட்டார் தருவது வழக்கமான பரிசாகவும் அவர்கள் சக்திக்கு மிஞ்சாததாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. ஆகவே இந்தத் தாளில் 320 கிராம் தங்கத்தை ஓர் ஓய்வூதியக்காரர் பெயருக்கு எதிரே எழுத எந்தச் சம்பந்தியும் சற்று யோசிப்பார். மொய் எழுதும் நோட்டுக்குப் பக்கத்திலேயே மற்றொரு நோட்டாக இதை வைத்துவிட்டால் யார் மனமும் புண்படாது. அத்தோடு, விரும்பினால் உறவினரின் கையெழுத்தையும் பட்டியலில் வாங்கிக்கொள்ளலாம் என்றும் அந்த விதி அனுமதிக்கிறது. நம் பிள்ளை அந்தத் தாளைத் தாய்மாமனிடம் நீட்டி, "மாமா, நீங்கதான் முதல்ல போடணும்" என்று பேனாவைக் கொடுக்கலாம்.